முதல் பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற கணக்கர். வயது 67. 2005 முதல் எடுத்த குடும்பப் படங்கள், என் தந்தையாரின் கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்தவை, மனைவி பாடிய சில பதிவுகள், வீட்டு ஆவணங்கள் என்று என் விண்டோஸ் லேப்டாப்பில் 180 ஜிபி இருக்கிறது. இதுவரை எதையும் வேறெங்கும் பிரதி எடுத்ததில்லை. கடைக்காரர், "ஹார்டு டிஸ்கின் காலம் முடிந்துவிட்டது, எஸ்எஸ்டி வாங்குங்கள்" என்கிறார். மருமகனோ, "எஸ்எஸ்டியைச் சும்மா வைத்திருந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்" என்கிறார். டிஸ்க் பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும். எனக்குக் கை லேசாக நடுங்கும். லேப்டாப்பை மடியில் வைத்துத்தான் பார்ப்பேன். எதை வாங்கட்டும்? பிரதி எடுத்த பிறகு இடத்துக்காக லேப்டாப்பில் உள்ள பழைய படங்களை அழித்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழிக்காதீர்கள். ஒரு படம் லேப்டாப்பிலும் டிஸ்கிலும் இருக்கும்வரைதான் அதற்குப் பெயர் பேக்கப். லேப்டாப்பில் அழித்த கணமே டிஸ்கில் இருப்பது பிரதி அல்ல, அதுவே மூலம். அதற்கு வேறு பிரதி கிடையாது. பழுதான டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்கும் வேலை செய்கிறேன் என்பதால் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் "பேக்கப் டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். "அப்படியானால் மூலம் எங்கே?" என்று கேட்டால், இடம் போதவில்லை என்று அழித்துவிட்டதாகச் சொல்வார்கள். உங்களுக்கு லேப்டாப்பில் இடம் நெருக்கடி என்றால், ஒன்றுக்குப் பதில் இரண்டு டிஸ்க் வாங்கி, இரண்டிலும் பிரதி எடுத்துச் சரிபார்த்த பிறகே அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இனி, எதை வாங்குவது? உங்களுக்கு நான் சொல்வது 1 டிபி ஹார்டு டிஸ்க். லேப்டாப்பில் செருகினாலே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சிறிய வகை போதும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அதுவும் லேப்டாப்பும் மேசைமேல் இருக்க வேண்டும், மடியில் அல்ல. அது உங்களால் முடியாது என்றால், தயங்காமல் எஸ்எஸ்டி வாங்குங்கள். ஏன் இந்த நிபந்தனை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு முழுவதும் அதில்தான் நிற்கிறது.

ஹார்டு டிஸ்குக்குள் கண்ணாடிபோல் வழவழப்பான வட்டத் தகடுகள் சுழல்கின்றன. நீங்கள் வாங்கப்போகும் வகையில் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்று. அந்தத் தகட்டின்மேல் ஒரு சிறு முனை, தகட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி படித்து எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிஸ்க் நின்றிருக்கும்போது முனை தகட்டைவிட்டு விலகி, அதற்கென்று உள்ள இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் ஓடாத டிஸ்க் சிறு தட்டலையும் குலுக்கலையும் தாங்கும். ஓடுகிற டிஸ்க் தாங்காது.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஒரு டிஸ்கைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய உங்கள் நிலைமைதான். மடியில் லேப்டாப், அதிலிருந்து தொங்கும் ஒரு சாண் கேபிள், அதன் முனையில் ஹார்டு டிஸ்க். படங்கள் பதிவாகிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்திருக்கிறது. அவர் எழுந்திருக்க, டிஸ்க் முழங்கால் உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி செருகியபோது உள்ளே டிக், டிக் என்று சீரான சத்தம். கேபிள் சரியில்லை என்று நினைத்து இரண்டு நாளில் இருபது முறையாவது செருகிப் பார்த்ததாகச் சொன்னார். நான் திறந்து பார்த்தபோது தகட்டில் வளையமாக ஒரு தடம் விழுந்திருந்தது. முனை உடைந்து, ஒவ்வொரு முறை டிஸ்க் சுழன்றபோதும் தகட்டைச் சுரண்டியிருக்கிறது. சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த பதிவு இப்போது தூளாகத்தான் இருக்கிறது, அதை யாராலும் மீட்க முடியாது. முதல் சத்தத்திலேயே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்த ஆபத்து எஸ்எஸ்டியில் இல்லை. அதில் சுழலும் பொருள் எதுவும் கிடையாது. கைதவறி விழுந்தால் பெரும்பாலும் எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். கடைக்காரர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. வேகமும் அதிகம்தான். ஆனால் உங்களுக்கு அந்த வேகம் எதற்கு? 180 ஜிபியை ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வீதம் எழுதினால் அரை மணி நேரம். சிறுசிறு படக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நடைமுறையில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைக்கு இந்த நேரம் பெரிதல்ல.

மருமகன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். எஸ்எஸ்டி ஒவ்வொரு தகவலையும் மிக நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். இதற்கென்று ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தர அளவு ஒன்று உண்டு. வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்கிறது அது. இந்த ஒரு வருடக் கணக்கைத்தான் பலர் பாதி கேட்டுவிட்டுப் பயமுறுத்துகிறார்கள். அது எழுதி எழுதி ஆயுள் முழுவதும் தேய்ந்துபோன எஸ்எஸ்டிக்கான கணக்கு. வருடத்துக்கு நான்கைந்து முறை எழுதப்படும் புதிய எஸ்எஸ்டி அதைவிட வெகுகாலம் தாங்கும். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகுவதாக இருந்தால் கசிவு உங்களுக்கு ஒரு கவலையே அல்ல. ஐந்து வருடம் மறந்துபோய்ப் பரணில் கிடக்கும் என்றால் மட்டும் கவலைப்பட வேண்டும். ஹார்டு டிஸ்கில் காந்தப் பதிவு அப்படி எளிதில் கரையாது, ஆனால் நெடுநாள் ஓடாமல் கிடந்தால் அதன் இயந்திர பாகங்கள் மக்கர் செய்யலாம். ஆகவே எதை வாங்கினாலும், வாங்கி வைத்து மறந்துவிடலாம் என்ற சலுகை இல்லை.

எனக்கு எஸ்எஸ்டியில் உள்ள தயக்கம் வேறு. அது பழுதாகும் விதம்தான் என் தயக்கம். ஹார்டு டிஸ்க் பல நேரங்களில் சொல்லிவிட்டுத்தான் போகும். போல்டர் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும், ஒரு படம் பாதி வரை வந்து நிற்கும், புதிதாகச் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் விழித்துக்கொண்டால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம். எஸ்எஸ்டியில் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதானால் நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று செருகினால் இருப்பதாகவே லேப்டாப்புக்குத் தெரியாது. சத்தம் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பல எஸ்எஸ்டிகளில் அந்தச் சில்லுதான் தகவலைச் சிதறடித்தும் குறியாக்கம் செய்தும் எழுதுகிறது. அது போய்விட்டால் நினைவகச் சில்லுகளைக் கழற்றிப் படித்தாலும் பொருள் புரியாத குப்பையே கிடைக்கும். தவறுதலாக அழித்த கோப்பும் அப்படித்தான்: அழிக்கப்பட்ட இடத்தை எஸ்எஸ்டி தானாகவே துடைத்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஹார்டு டிஸ்கில் மீட்கக்கூடியது இதில் பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொரு காரணம் கொள்ளளவு. பெரிய கொள்ளளவு ஹார்டு டிஸ்கில்தான் மலிவு. அந்தக் கூடுதல் இடத்தை வைத்து, மென்பொருள் எதுவும் இல்லாமல், உங்களுக்கு ஏற்ற மிக எளிய முறை ஒன்றைச் செய்யலாம்.

1 டிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாற்று அல்ல, தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024இன் பெருக்கமாகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கணக்கரான உங்களுக்கு இது எளிதாகப் புரியும். அந்த 931இல் உங்கள் 180 ஜிபியின் முழுப் பிரதி நான்கு, மொத்தம் 720, தாராளமாக அடங்கும். ஜனவரியில் டிஸ்கில் 2026-01 என்று ஒரு போல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் பிரதி எடுங்கள். ஏப்ரலில் பழையதைத் தொடாமல் 2026-04 என்று புதிய போல்டர். இப்படியே ஜூலை, அக்டோபர். ஐந்தாவது முறை, மிகப் பழைய போல்டரை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதுங்கள். அப்போதும் முந்தைய மூன்று பிரதிகள் டிஸ்கில் இருக்கும். உங்கள் சேகரிப்பு 230 ஜிபியைத் தாண்டும்வரை இந்த ஏற்பாடு தாங்கும்.

ஒரே பிரதியை மேலே மேலே புதுப்பித்துக்கொண்டே போனால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு கடிதத்தின் ஸ்கேன் பிப்ரவரியில் கைதவறி அழிந்திருக்கலாம், அல்லது கெட்டுப்போயிருக்கலாம். நீங்கள் அதை ஆகஸ்டில்தான் தேடுவீர்கள். அதற்குள் ஒரே பிரதியும் லேப்டாப்பில் இருப்பதுபோலவே மாற்றப்பட்டிருந்தால், பிழையையும் சேர்த்துப் பத்திரப்படுத்தியிருப்பீர்கள். தேதியிட்ட நான்கு போல்டர் இருந்தால் ஜனவரி போல்டரில் அந்தக் கடிதம் அப்படியே இருக்கும். இடையில் எடுக்கும் புதிய படங்களை மட்டும் அடுத்த பிரதி முடியும்வரை கேமராவின் கார்டிலிருந்து அழிக்காமல் வைத்திருங்கள்.

பிரதி எடுக்கும் நாளன்று செய்ய வேண்டியதை உங்கள் கையை மனதில் வைத்துச் சொல்கிறேன். லேப்டாப்பை மேசையில், விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே வையுங்கள். சார்ஜரையும் இணைத்துவிடுங்கள், பாதியில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது. டிஸ்கைப் படுக்கை வசமாக, முடிந்தால் ஒரு ரப்பர் விரிப்பின்மேல், லேப்டாப்புக்குப் பின்புறம் வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் கை பட்டு இழுபடும். முதலில் கேபிளை டிஸ்கில் பொருத்துங்கள், டிஸ்க் மேசையில் படுத்த பிறகு மறுமுனையை லேப்டாப்பில் செருகுங்கள். அந்த நொடியில்தான் தகடு சுழலத் தொடங்கும், அதன் பிறகு டிஸ்கைத் தொட வேண்டியதே இல்லை. இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் நடுங்கும் கைக்கும் ஓடும் டிஸ்குக்கும் சந்திப்பே நேராது. அதனால்தான் உங்களுக்குத் துணிந்து ஹார்டு டிஸ்கைச் சொல்கிறேன்.

பிரதி ஓடும்போது ஏதேனும் ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று விண்டோஸ் கேட்டால், Skip என்பதை அழுத்தும் முன் அந்தக் கோப்பின் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழுத்தினால், விட்டுப்போனது எது என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம். முடிந்ததும் லேப்டாப்பில் உள்ள மூல போல்டரையும் டிஸ்கில் உள்ள பிரதியையும் தனித்தனியே வலது கிளிக் செய்து Properties பாருங்கள். Contains என்ற வரியில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையும் Size என்ற வரியில் உள்ள அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே Size on disk என்ற வரி வேறுபடலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். ஆனால் உடனே திறந்தால் லேப்டாப் தன் நினைவில் மிச்சமிருப்பதைக் காட்டிவிடலாம். டிஸ்கில் நிஜமாக என்ன எழுதப்பட்டது என்பது தெரியாது. எனவே திரையின் கீழ் மூலையில் உள்ள Safely Remove Hardware and Eject Media வழியாக டிஸ்கை விடுவித்து, சுழற்சி நிற்கப் பத்து விநாடி காத்திருந்து கேபிளைக் கழற்றுங்கள். மறுபடி செருகி, பத்துக் கோப்புகளையாவது டிஸ்கிலிருந்தே திறந்து பாருங்கள். 2005இல் எடுத்த படம் ஒன்று, கடைசி மாதப் படம் ஒன்று, கடிதம் ஒன்று, உங்கள் மனைவியின் பாடல் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை. வருடத்துக்கு ஒருமுறை இதே சோதனையை வேறொரு கணினியில் செய்யுங்கள். லேப்டாப் பழுதான நாளில் அந்த டிஸ்க் வேறொன்றில்தானே திறக்க வேண்டும்?

வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் லேப்டாப்பில் நுழையும்போது டிஸ்கில் உள்ள நான்கு போல்டர்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். அலமாரியில் இருப்பதை அதனால் தொட முடியாது.

இனி, டிஸ்கை இணைத்ததும் திரையில் இப்படி ஒரு வரி வரலாம்:

```
You need to format the disk in drive E: before you can use it.
```

கீழே Format disk, Cancel என்று இரண்டு பொத்தான் இருக்கும். Cancel மட்டுமே அழுத்துங்கள். டிஸ்கில் உள்ள பட்டியலை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். படங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வேறு கேபிளில் ஒருமுறை, வேறு கணினியில் ஒருமுறை முயன்று பாருங்கள். அதோடு நிறுத்துங்கள். யாராவது chkdsk என்ற விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் நிரலை ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தள்ளாடும் டிஸ்கில் அது எழுதி மாற்றத் தொடங்கினால் மீட்பு இன்னும் சிக்கலாகும். டிக் டிக் சத்தம் கேட்டால் வேறு கேபிளைக்கூட முயல வேண்டாம், உடனே கழற்றிவிடுங்கள். லேப்டாப்பில் மூலம் இருக்கிறது என்பதால் இந்த நிலையில் நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை. அன்றே புதிய டிஸ்க் வாங்கிப் பிரதி எடுப்பதுதான் செய்ய வேண்டியது. பழையதை மீட்கப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியமே வராது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெயர் தெரியாத தயாரிப்பில் 16 டிபி எஸ்எஸ்டி என்று நம்ப முடியாத மலிவில் விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள். பெரிய கொள்ளளவு இருப்பதுபோல் கணினிக்குப் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். எழுதும்போது பிழையே காட்டாது, கார்டு நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காணாமல் போயிருக்கும். தெரிந்த நிறுவனத்தின் பொருளைத் தெரிந்த கடையில் வாங்கி, காலியாக இருக்கும்போதே H2testw என்ற இலவச நிரலால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 1 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும். மருமகனிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். டிஸ்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து தரவும் அப்போதே சொல்லிவிடுங்கள். எழுதும்போது மின்சாரம் தடைபட்டாலும் கோப்புப் பட்டியல் குலைந்துபோகும் வாய்ப்பு எக்ஸ்ஃபேட் முறையைவிட அதில் குறைவு.

கடவுச்சொல் போட்டுப் பூட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடும்பப் படங்களைப் பூட்ட வேண்டாம். திருடனைவிட மறதிதான் இந்தப் பூட்டால் அதிகம் பேருக்கு இழப்பைத் தந்திருக்கிறது. அடையாள ஆவணங்களையும் வங்கிக் காகிதங்களையும் மட்டும் கடவுச்சொல் போட்ட ஒரு தனிக் கோப்பில் அடக்கி, அந்தக் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்த இடத்தில் எழுதி வையுங்கள்.

தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தால் லேப்டாப்பும் அலமாரி டிஸ்கும் ஒன்றாகத்தான் போகும். ஆறு மாதத்துக்குள் இரண்டாவதாக ஒன்று வாங்க முடிந்தால், அது 500 ஜிபி எஸ்எஸ்டியாக இருக்கட்டும். அது மகள் வீட்டில் இருக்க வேண்டியது. பையில் போட்டுப் பயணம் செய்யப்போவது. அந்த வேலைக்கு எஸ்எஸ்டிதான் பொருத்தம். ஒவ்வொரு முறை அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போதும் கொண்டுவரச் சொல்லிப் புதிய பிரதி எழுதி அனுப்புங்கள். கசிவுக் கவலையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

டிஸ்க் கைக்கு வந்ததும் அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் எழுதுங்கள். ஐந்து வருடம் ஆனதும் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் புதியது வாங்கி, முதல் பிரதியை அதில் எடுத்துச் சோதித்த பிறகு பழையதை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிடுங்கள். அதே தாளில் ஒவ்வொரு பிரதியின் தேதியையும், அன்று Properties காட்டிய கோப்பு எண்ணிக்கையையும் வரிசையாகக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை ஒரு காலாண்டில் காரணமில்லாமல் குறைந்திருந்தால், மிகப் பழைய போல்டரை அழிக்கும் முன் ஏன் என்று தேடிப் பாருங்கள்.